3.67 ஏன் மாறுவதில்லை?

பன்னிரண்டாம் வகுப்புப் பொருளியலில் அயல்நாட்டுச் செலாவணிப் பாடத்தை நடத்தும்போது ஆண்டுதோறும் ஒரு சிறு செயல்பாடு கொடுப்பேன். ஐந்து மாணவர்கள் கொண்ட குழு ஒன்று பத்து நாள்களுக்கு டாலரின் ரூபாய் மதிப்பையும், இன்னும் ஏதாவது ஒரு நாணயத்தின் ரூபாய் மதிப்பையும் குறித்துக்கொண்டு வரவேண்டும். பெரும்பாலும் பவுண்டு, யூரோ, யென் என்று எடுத்துக்கொள்வார்கள். 2023-ஆம் ஆண்டு ராஜபாளையத்தில் என் வகுப்பில் ஒரு குழு திர்ஹமை எடுத்துக்கொண்டது. காரணம் எளிது. அந்தக் குழுவில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பேருந்தில் வரும் ஒரு மாணவரின் தந்தை சார்ஜாவில் இருக்கிறார்.

பத்து நாள் கழித்து அவர்கள் கொண்டுவந்த அட்டவணையைப் பார்த்து மற்ற குழுக்கள் சிரித்தன. டாலர் ஏறிய நாளில் திர்ஹமும் ஏறியிருந்தது. இறங்கிய நாளில் இறங்கியிருந்தது. டாலர் மதிப்பைத் திர்ஹம் மதிப்பால் வகுத்துப் பார்க்கச் சொன்னேன். பத்து வரியிலும் ஒரே விடை: 3.67. "ஒருநாள் பார்த்துட்டு மீதி ஒன்பது நாளும் காப்பி அடிச்சிருக்காங்க சார்" என்று பின்வரிசையிலிருந்து குரல் வந்தது. அவர்கள் காப்பி அடிக்கவில்லை. 1997 இறுதியிலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்றே ஐக்கிய அரபு அமீரகம் வைத்திருக்கிறது.

(இதைச் செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு குறிப்பு: பணமாற்றுக் கடையின் பலகையில் உள்ள எண்களை எடுக்க வேண்டாம். அங்கே வாங்கும் விலை வேறு, விற்கும் விலை வேறு. கடையின் லாபமும் சேர்ந்திருக்கும். வகுத்தால் 3.67 வராது. செய்தித்தாளின் வணிகப் பக்கத்தில் வரும் சந்தை மதிப்பை எடுத்தால் சரியாக வரும்.)

அந்த மாணவர் வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து கேட்டது வேறொரு கேள்வி. அவருடைய தந்தை சார்ஜாவில் ஒரு கூட்டாளியோடு சேர்ந்து குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்க்கும் கடை நடத்துகிறார். கடைக்காக வாங்கிய வங்கிக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டே போகிறதாம். "அங்க விலைவாசி ஒண்ணும் பெருசா ஏறலன்னு அப்பா சொல்றாரு சார். பேங்க்ல கேட்டா அமெரிக்கால ஏத்திட்டாங்க, அதான்னு சொல்றாங்களாம். அமெரிக்கால ஏத்துனா சார்ஜால எதுக்கு சார் ஏறணும்?"

பாடநூலில் நிலையான மாற்று வீதம், நெகிழ்வு மாற்று வீதம் என்ற இரண்டும் வருகின்றன. அவற்றின் நன்மை தீமைகளை மாணவர்கள் மனப்பாடமாகவும் எழுதிவிடுகிறார்கள். ஆனால் மாற்று வீதத்தை நிலையாகக் கட்டிவிட்டால் உள்நாட்டு வட்டி வீதம் கையை விட்டுப் போய்விடும் என்ற தொடர்பு அவர்களுக்கு எட்டுவதில்லை. அந்த மாணவரின் கேள்வி அந்தத் தொடர்பைத்தான் தொட்டது. அடுத்த இரண்டு பாடவேளைகளை அதற்கே கொடுத்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், எண்ணெய் விற்கும் சிறு நாடுகள் ஏன் டாலரோடு தங்கள் நாணயத்தைக் கட்டிவைக்கின்றன? அமீரகம் மட்டுமல்ல, சவுதி அரேபியா 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்று வைத்திருக்கிறது. கத்தார் 3.64 ரியால். பஹ்ரைனும் ஓமனும் இப்படியே.

இதற்கு விடை தேட நம் சொந்த வரலாற்றிலிருந்தே தொடங்கலாம். இந்த நாடுகளில் பலவற்றில் ஒரு காலத்தில் நம் இந்திய ரூபாய்தான் புழங்கியது. அதன் வழியாகத் தங்கக் கடத்தல் பெருகி நம் அந்நியச் செலாவணி கரைந்ததால், 1959-இல் வளைகுடாவுக்கென்றே தனி நிறத்தில் ரூபாய் நோட்டுகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் சொந்த நாணயத்துக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. அதுவரை டாலருக்கு 4.76 ஆக இருந்த ரூபாய் 7.50 ஆனது. துபாயிலும் கத்தாரிலும் பெட்டியில் ரூபாய் வைத்திருந்த வணிகரின் சேமிப்பு, டெல்லியில் எடுத்த ஒரு முடிவால் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தேய்ந்தது. அதோடு அவர்கள் ரூபாயை விட்டு விலகினார்கள். ஓமன் மட்டும் 1970 வரை தாக்குப்பிடித்தது. அமீரகத்தின் திர்ஹம் 1973-இல் வந்தது.

அப்படியானால், பிறர் நாணயத்தால் ஒருமுறை சுட்டுக்கொண்டவர்கள் மறுபடியும் ஏன் இன்னொருவர் நாணயத்தோடு கட்டிக்கொண்டார்கள்? ஒரு பீப்பாய் எண்ணெயை வைத்து யோசிக்கலாம்.

உலகச் சந்தையில் எண்ணெய்க்கு விலை டாலரில்தான். ஒரு பீப்பாய் 80 டாலர் என்றால், திர்ஹம் என்ன மதிப்பில் இருந்தாலும் வாங்குபவர் கொடுப்பது 80 டாலர்தான். நம் ஊர் நூற்பாலைக்கு இது பொருந்தாது. ரூபாய் மதிப்பு இறங்கினால் ராஜபாளையத்து நூலை வெளிநாட்டாருக்குக் கொஞ்சம் மலிவாகக் கொடுத்துக் கூடுதலாக விற்கலாம். எண்ணெய்க்கு அந்த வழி இல்லை. நாணய மதிப்பைக் குறைத்ததால் ஒரு பீப்பாய்கூட அதிகமாக விற்றுவிடாது. எனவே மாற்று வீதத்தை அசையவிடுவதால் ஏற்றுமதியாளருக்குக் கிடைக்க வேண்டிய பயன், முக்கியமான ஏற்றுமதியே எண்ணெயாக இருக்கும் நாட்டுக்கு அநேகமாகக் கிடைப்பதில்லை.

அசையவிட்டால் வரும் இடைஞ்சலோ பெரிது. அங்கே அரிசி முதல் சிமெண்டு வரை பெரும்பாலானவை இறக்குமதி. மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் வெளிநாட்டவர். உழைப்பும் இறக்குமதிதான் என்று சொல்லலாம். நாணயம் எண்ணெய் விலையோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடினால், கடையில் அரிசியின் விலையும் ஆடும். ஊருக்குப் பணம் அனுப்பும் தொழிலாளியின் சம்பளமும் ஆடும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த நாட்டுக்குள் டாலர் கொண்டுவருபவர் பெரும்பாலும் ஒரே ஆள்தான்: அரசின் எண்ணெய் நிறுவனம். விற்பவர் ஒருவராகவும் வாங்குபவர் பலராகவும் இருக்கும் இடத்தில் நாணயத்துக்குச் 'சந்தை விலை' என்று ஒன்றை எதிர்பார்க்க முடியாது. அரசு எந்த வாரம் எவ்வளவு டாலரை மாற்றுகிறது என்பதே விலையாகிவிடும்.

ஆகவே நடைமுறை இப்படி அமைந்தது. எண்ணெய் விற்ற டாலரில் செலவுக்கு வேண்டியதை மைய வங்கியிடம் 3.6725 வீதத்தில் கொடுத்துத் திர்ஹமாகப் பெறுகிறார்கள். அந்தத் திர்ஹம் சம்பளமாகவும் சாலையாகவும் வெளியே போகிறது. அதைப் பெற்றவர்கள் இறக்குமதிக்கும் ஊருக்கு அனுப்பவும் மறுபடியும் டாலர் கேட்கிறார்கள்; வங்கிகள் வழியாக மைய வங்கி அதே வீதத்தை ஒட்டிக் கொடுக்கிறது. கேட்கும் எவருக்கும் அந்த விலையில் டாலர் கொடுக்கத் தயாராக இருப்பதுதான் கட்டிவைத்தல் என்பதன் முழுப் பொருள். சட்டத்தில் எழுதிவைத்தால் போதாது. பெட்டியில் டாலர் இருக்கவேண்டும்.

எதிர்வாதமும் உண்டு. அதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிட வேண்டும். 2014 நடுவில் நூறு டாலருக்கு மேல் இருந்த எண்ணெய் 2016 ஜனவரியில் முப்பதுக்கும் கீழே போனது. ரஷ்யா தன் ரூபிளை விழவிட்டது. டாலருக்குச் சுமார் 35 ஆக இருந்தது 80-ஐ நெருங்கியது. தோராயமாகக் கணக்குப் போட்டால், முன்பு ஒரு பீப்பாய்க்கு 3,500 ரூபிள், பிறகு 2,400 ரூபிள். டாலரில் எழுபது சதவீதம் விழுந்த வருமானம், சம்பளமும் ஓய்வூதியமும் கொடுக்க வேண்டிய ரூபிளில் முப்பது சதவீத அளவே விழுந்தது. அரசுக்கு அது ஒரு மெத்தை. ஆனால் அதற்கான விலையை மக்கள் கொடுத்தார்கள். 2015-இல் ரஷ்யாவின் பணவீக்கம் 15 சதவீதத்தைத் தாண்டியது. சொந்தமாக விளைவிக்கவும் உற்பத்தி செய்யவும் முடிகிற பெரிய நாட்டுக்கு அது தாங்கக்கூடிய அடியாக இருக்கலாம். சோற்றுக்கான அரிசியும் வெளியிலிருந்து வரும் நாட்டுக்கு அப்படி இருக்காது என்றே நினைக்கிறேன்.

இனி அந்த மாணவரின் கேள்விக்கு வருகிறேன். வட்டி ஏன் கூடவே ஏறுகிறது?

இதை விளக்க வகுப்பில் துபாயையும் நியூயார்க்கையும் விட்டுவிட்டு, அவர் தினமும் பயணம் செய்யும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொண்டேன். ராஜபாளையத்தில் ஒரு வங்கி ஆண்டுக்கு 3 சதவீத வட்டிக்கு யாருக்கும் கடன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்ரீவில்லிபுத்தூரில் இன்னொரு வங்கி, வைப்புத்தொகைக்கு 5.4 சதவீதம் தருகிறது. இரண்டுமே பத்திரமான வங்கிகள். நீங்கள் என்ன செய்வீர்கள்? கேட்டு முடிப்பதற்குள் வகுப்பே பதில் சொல்லிவிட்டது. இங்கே ஒரு லட்சம் கடன் வாங்கிப் பேருந்தில் ஏறி அங்கே போட்டுவிட வேண்டியதுதான். ஆண்டு முடிவில் கைக்காசு போடாமல் 2,400 ரூபாய் லாபம்.

"எல்லாரும் அதையே செய்தால்?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு மாணவி, "ராஜபாளையம் பேங்க்ல பணம் தீர்ந்துரும் சார்" என்றார். சரியான விடை. பணம் தீரத் தீர ராஜபாளையத்து வங்கி வட்டியை ஏற்றித்தான் ஆகவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரின் அளவுக்கு அது ஏறும்வரை பேருந்தில் கூட்டம் குறையாது. இரண்டு ஊர்களிலும் புழங்குவது ஒரே ரூபாய் என்பதால்தான் இது நடக்கிறது. போகும் வழியில் சிவகாசி விலக்கில் ரூபாயின் மதிப்பு மாறிவிடும் என்ற பயம் யாருக்கும் இல்லை.

3.6725 என்று உறுதியாகக் கட்டிவிட்டால், துபாயும் நியூயார்க்கும் இந்த இரண்டு ஊர்களைப் போல ஆகிவிடுகின்றன. இப்போது அதே கணக்கைத் திர்ஹமில் போடலாம். 2023-இல் அமெரிக்காவில் வட்டி சுமார் 5.4 சதவீதம். அமீரகத்தின் மைய வங்கி, 'எங்கள் ஊரில் பணவீக்கம் குறைவுதான், நாங்கள் 3 சதவீதமே வைத்துக்கொள்கிறோம்' என்று முடிவு செய்ததாக வைத்துக்கொள்வோம். துபாயில் ஒரு வணிகர் 36,72,500 திர்ஹம் கடன் வாங்குகிறார். அதை டாலராக்கினால் சரியாகப் பத்து லட்சம். அமெரிக்காவில் ஓராண்டு போட்டால் 10,54,000 டாலராகத் திரும்பும். அதை மீண்டும் அதே வீதத்தில் மாற்றினால் 38,70,815 திர்ஹம். துபாய் வங்கிக்குக் கட்ட வேண்டியது அசலும் மூன்று சதவீத வட்டியுமாக 37,82,675 திர்ஹம். மீதி 88,140 திர்ஹம் லாபம். மாற்று வீதம் மாறாது என்ற நம்பிக்கை இருக்கும்வரை ஆபத்தும் இல்லை.

வங்கிகளும் நிறுவனங்களும் இதை விட்டுவைப்பார்களா? எல்லாரும் திர்ஹமைக் கொடுத்து டாலர் கேட்பார்கள். மைய வங்கி தன் வாக்குறுதிப்படி டாலரைக் கொடுத்துத் திர்ஹமை உள்ளே வாங்கிக்கொண்டே இருக்கும். ஊரில் புழங்கும் திர்ஹம் குறையும். வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் வட்டி தானாகவே ஏறும். யாரும் ஆணையிடாமலேயே 3 சதவீதம் 5.4-ஐ நோக்கி நகர்ந்துவிடும். இடையில் கரைந்தது மைய வங்கியின் டாலர் கையிருப்பு. எப்படியும் அங்கேதான் போய் நிற்கப்போகிறது என்பதால், கையிருப்பை வீணாக்காமல் முதல் நாளே ஏற்றிவிடுகிறார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் ரிசர்வ் வட்டியை மாற்றும் அதே நாளில், சில மணி நேரத்துக்குள், அமீரகத்தின் அறிவிப்பும் வந்துவிடுகிறது. அமீரகத்தின் அடிப்படை வட்டி வீதமே, வங்கிகள் தன்னிடம் வைக்கும் இருப்புக்கு ஃபெடரல் ரிசர்வ் தரும் வட்டியை அடியொற்றித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது.

இங்கே நிறுத்திப் பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: நிலையான மாற்று வீதம், தடையின்றி உள்ளே வெளியே போகும் பணம், சொந்தமாகத் தீர்மானிக்கும் வட்டி. இந்த மூன்றில் எந்த இரண்டையும் வைத்துக்கொள்ளலாம், மூன்றாவதை விட்டுத்தான் ஆகவேண்டும். 1960-களில் ராபர்ட் முண்டெல், மார்கஸ் ஃபிளெமிங் ஆகிய இருவரின் ஆய்வுகளிலிருந்து வந்த முடிவு இது. அமீரகம் முதல் இரண்டை வைத்துக்கொண்டு மூன்றாவதை விட்டது. நாம் முதலாவதைப் பெருமளவு விட்டுவிட்டோம். இரண்டாவதிலும் ஓரளவு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். அதனால் மூன்றாவது நம் கையில் இருக்கிறது.

நம் கையில் இருக்கிறது என்பதை எண்களிலேயே பார்க்கலாம். 2022 மார்ச் முதல் 2023 ஜூலை வரை அமெரிக்கா தன் வட்டியைப் பூஜ்யத்தை ஒட்டிய நிலையிலிருந்து 5.25–5.50 சதவீதத்துக்கு, அதாவது ஐந்தேகால் புள்ளிகள் ஏற்றியது. அங்கே 2022 ஜூனில் பணவீக்கம் 9.1 சதவீதத்தைத் தொட்டிருந்தது. அமீரகத்தின் அடிப்படை வட்டியும் கூடவே ஏறி 5.40-இல் நின்றது. நம் ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை 4-லிருந்து 6.5-க்கு, இரண்டரைப் புள்ளிகள் மட்டும் ஏற்றியது. மீதி அழுத்தத்தை ரூபாயின் மதிப்பு வாங்கிக்கொண்டது. டாலருக்குச் சுமார் 74 ஆக இருந்தது 83 ஆனது. இதில் குவைத்தின் கதைதான் எனக்குப் பிடித்தமானது. 2007 மே மாதம் குவைத் டாலரை மட்டும் பிடித்துக்கொண்டிருந்ததை விட்டு, பல நாணயங்கள் சேர்ந்த கூடை ஒன்றோடு தன் தினாரைக் கட்டியது. கயிறு கொஞ்சம் நீளமானது. 2022–23-இல் அதன் வட்டி 1.5-லிருந்து 4.25 வரை, இரண்டேமுக்கால் புள்ளிகள்தான் ஏறியது. பக்கத்து நாடுகளைப் போல அதுவும் எண்ணெய் விற்கும் நாடுதான். கட்டிய முளைதான் வேறு.

மாணவரின் தந்தைக்கு இது எப்படி வந்து சேர்ந்தது? அவருடைய கடன் 'எய்பார்' என்ற அளவோடு இணைக்கப்பட்டது. அமீரகத்து வங்கிகள் தங்களுக்குள் கடன் கொடுத்துக்கொள்ளும் வட்டி அது. அதற்கு மேல் மூன்று சதவீதம் என்பது ஒப்பந்தம். 2022 தொடக்கத்தில் மூன்று மாத எய்பார் அரை சதவீதத்தை ஒட்டி இருந்தது. 2023-இல் ஐந்தைத் தாண்டிவிட்டது. கடன் பாக்கியைச் சரியாக மூன்று லட்சம் திர்ஹம் என்று வைத்துப் பலகையில் கணக்குப் போட்டோம். மூன்றரை சதவீதத்தில் மாத வட்டி 875 திர்ஹம். எட்டரை சதவீதத்தில் 2,125 திர்ஹம். மாதம் 1,250 திர்ஹம் கூடுதல். கூட்டாளியோடு பாதியாகப் பிரித்தாலும் 625. அமெரிக்காவின் விலைவாசியை அடக்க வைத்த வட்டி இது. அதே 2023-இல் அமீரகத்தின் பணவீக்கம் சுமார் 1.6 சதவீதம்தான்.

வீட்டுக் கணக்கு அதோடு முடியவில்லை என்பதை அந்த மாணவரே கண்டுபிடித்தார். டாலரோடு சேர்ந்து திர்ஹமும் ரூபாய்க்கு எதிராக ஏறியதல்லவா? 74 ரூபாய் டாலரில் ஒரு திர்ஹம் 20 ரூபாய் 15 காசு. 83 ரூபாய் டாலரில் 22 ரூபாய் 60 காசு. மாதம் 2,000 திர்ஹம் அனுப்பினால் முன்பு 40,300 ரூபாய், இப்போது 45,200. வட்டிக்காக 625 திர்ஹம் குறைத்து 1,375 அனுப்பினால் 31,075 ரூபாய். "கட்டி வச்சதால ஒரு கையில குடுத்து ஒரு கையில வாங்கிட்டாங்க சார்" என்றார். வாங்கியது அதிகம் என்பதையும் அவரேதான் சொன்னார். கடன் இல்லாமல் சம்பளத்துக்கு மட்டும் வேலை செய்யும் பக்கத்துவீட்டுக்காரருக்கு முழுவதும் லாபம். ஒரே தெருவில் இரண்டு வீடுகள், இரண்டு விடைகள்.

இதே கயிறு எதிர்ப்பக்கம் இழுத்த காலமும் உண்டு. என் பார்வையில் கட்டிவைத்தலின் மோசமான முகம் அப்போதுதான் தெரிந்தது. 2007–08-இல் எண்ணெய் விலை ஏறி 2008 ஜூலையில் 147 டாலர் வரை போனது. துபாயில் எங்கு பார்த்தாலும் கட்டடம், வாடகை பறந்தது, பணவீக்கம் 11, 12 சதவீதம். அந்த நிலையில் ஒரு மைய வங்கி செய்ய வேண்டியது வட்டியை நன்றாக ஏற்றுவது. நம் ரிசர்வ் வங்கி அதைத்தான் செய்தது; 2008 ஜூலைக்குள் ரெப்போ வீதம் 9 சதவீதம். ஆனால் அமெரிக்காவில் வீட்டுக்கடன் நெருக்கடி தொடங்கியிருந்தது. ஃபெடரல் ரிசர்வ் 2007 செப்டம்பர் முதல் 2008 ஏப்ரலுக்குள் வட்டியை 5.25-லிருந்து 2 சதவீதத்துக்கு இறக்கியது. அமீரகமும் கூடவே இறக்க வேண்டியிருந்தது. கொதிக்கிற பானைக்கு அடியில் விறகைத் தள்ளிய கதைதான்.

இதில் உண்மை வட்டி என்ற பாடப்பகுதியை நன்றாகப் பொருத்தலாம். ஒருவர் 6 சதவீதத்துக்குக் கடன் வாங்கி வீடு வாங்குகிறார். விலைவாசி 11 சதவீதம் ஏறுகிறது. உண்மை வட்டி மைனஸ் ஐந்து. கடன் வாங்காதவர்தான் ஏமாளி என்ற நிலை. எல்லாரும் வாங்கினார்கள். 2009 நவம்பரில் துபாய் அரசின் துபாய் வேர்ல்டு நிறுவனம் கடனைத் திருப்பித்தர அவகாசம் கேட்டபோது உலகச் சந்தைகளே அதிர்ந்தன. அந்தச் சரிவுக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏற வேண்டிய நேரத்தில் வட்டி இறங்கியது அதில் ஒரு பங்கு.

தொழிலாளருக்கு அப்போது இரண்டு பக்கமும் அடி. அங்கே வாடகையும் உணவும் ஏறின. இங்கே ரூபாய் வலுவடைந்து, 2006 நடுவில் 46 ஆக இருந்த டாலர் 2007 இறுதியில் 39-ஐ ஒட்டி வந்தது, திர்ஹம் 12.50-லிருந்து 10.70 ஆனது. 600 திர்ஹம் அனுப்பியவர் வீட்டுக்கு 7,500 வந்த இடத்தில் 6,420 வந்தது. 2007 அக்டோபர் இறுதியில் துபாயில் கட்டுமானத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வு கேட்டதன் பின்னணியில் இந்தத் தேய்மானமும் இருந்தது.

வேறொரு கேள்வியும் வகுப்பில் வந்தது: கட்டியது அவிழும் என்று எப்படித் தெரியும்? வட்டியிலேயே தெரியும் என்றேன். சவுதியை எடுத்துக்கொள்ளலாம். 2014-இல் அதன் அந்நியச் செலாவணிக் கையிருப்பு 73,000 கோடி டாலருக்கு மேல் இருந்தது. எண்ணெய் விலை விழுந்த பின் 2016 இறுதிக்குள் சுமார் 20,000 கோடி டாலர் கரைந்தது. அரசு வங்கியில் போடும் பணம் குறைந்தது. ரியால் விழுமோ என்ற பயமும் சேர்ந்தது. அமெரிக்காவில் வட்டி அரை சதவீதமே இருந்த 2016-இல், சவுதி வங்கிகளுக்கிடையிலான மூன்று மாத வட்டி 2 சதவீதத்தைத் தாண்டியது. அந்த ஒன்றரைப் புள்ளி இடைவெளிதான் கவனிக்க வேண்டியது. பேருந்தில் போகும்போது பணத்தின் மதிப்பு மாறிவிடலாம் என்று சிலர் சந்தேகப்படத் தொடங்கினால், அந்தச் சந்தேகத்துக்குக் கூலியாக ராஜபாளையம் ஸ்ரீவில்லிபுத்தூரைவிட அதிக வட்டி கொடுக்க வேண்டியிருக்கும். ஆக, கட்டிவைத்த நாடு அமெரிக்க வட்டியைத் தவிர்க்க முடியாது. எண்ணெய் விழும் காலத்தில் அதற்கு மேலும் கொடுக்க நேரும், அதுவும் தொழில் மந்தமாக இருக்கும் நேரத்தில். சவுதி தாக்குப்பிடித்தது, கையிருப்பு பெரிது என்பதால். கையிருப்பு சிறிதான பஹ்ரைனுக்கு 2018-இல் சவுதி, அமீரகம், குவைத் மூன்றும் சேர்ந்து ஆயிரம் கோடி டாலர் உதவி அறிவிக்க வேண்டிவந்தது.

அந்த மாணவர் பள்ளியை முடித்துப் போய்விட்டார். 2024 செப்டம்பர் 18 அன்று அமெரிக்கா அரைப் புள்ளி குறைத்தது. அமீரகத்தின் அடிப்படை வட்டி 5.40-லிருந்து 4.90 ஆனது. மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிறுத்தத்தில் என்னைப் பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து வந்தார். கல்லூரியில் வணிகவியல் படிக்கிறாராம். "சார், அரைப் புள்ளி. அப்பாவுக்கு மாசம் நூத்தி இருபத்தஞ்சு திர்ஹம் மிச்சம், கூட்டாளிக்குப் பாதி போக அறுபத்திரண்டரை" என்றார். பாக்கி இன்னும் மூன்று லட்சமாகவே இருக்கிறதா என்று கேட்டேன். "இல்ல சார், குறைஞ்சிருச்சு. கணக்குக்காகச் சொன்னேன்" என்று சொல்லிவிட்டுத் தன் பேருந்தைப் பிடிக்க ஓடினார்.